நாலு வீட்டு வேலையில் உங்களுக்கு நஷ்டம் தரும் வீடு எது?

இந்தப் பதிவு, வீட்டு வேலையோ பகுதி நேர சமையலோ நாலஞ்சு வீட்டில் செய்கிறவர்களுக்கும், இனிமேல் தொடங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கும். உங்க அம்மாவோ அக்காவோ இந்த வேலை செய்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்க.

சென்னையில் இந்த வேலைக்குச் சம்பளம் பேசும்போது எல்லாரும் "பாத்திரத்துக்கு இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, சமையலுக்கு இவ்வளவு" என்று வேலைக்கு விலை சொல்கிறோம். என் கருத்து, தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீங்க விற்பது உங்க நேரம். அதனால் மணிக்கு எவ்வளவு என்று தெரியாமல் சம்பளம் பேசவே கூடாது.

எங்க அபார்ட்மென்ட்டில் வேலை செய்யும் ஒரு அக்கா, "மாசம் பதினஞ்சாயிரத்துக்கு மேல வருது, ஆனா கையில நிக்கல, உடம்பும் முடியல" என்று ஒரு நாள் சொன்னார். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்கு போட்டோம். ஞாயிறு லீவு, மாதம் 26 நாள் வேலை.

முதல் வீடு காலைச் சமையல். தினமும் 2 மணி நேரம், 6,500 ரூபாய். இரண்டாவது வீடு பாத்திரம், பெருக்கித் துடைப்பது. பேசியது 1 மணி நேரம், 3,000 ரூபாய். மூன்றாவது வீட்டிலும் அதே வேலை, 1 மணி நேரம், 2,500 ரூபாய். நாலாவது வீடு வேறு ஏரியாவில், சாயங்காலம் சப்பாத்தியும் குழம்பும், 1 மணி நேரம், 3,500 ரூபாய். மொத்தம் 15,500.

"இதுல நல்ல வீடு எது?" என்று கேட்டேன். யோசிக்காமல் நாலாவது வீட்டைச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு 3,500 தருகிறார்களே! மேலோட்டமாகப் பார்த்தால் மணிக்கு 135 ரூபாய் வருகிறது.

இப்போ முழுக் கணக்கைப் பாருங்க. அந்த வீட்டுக்குப் போக 25 நிமிஷம், வர 25 நிமிஷம். ஷேர் ஆட்டோ போகவர 30 ரூபாய், மாதம் 780. அப்போ கையில் நிற்பது 2,720. நேரமோ 1 மணி இல்லை, 1 மணி 50 நிமிஷம். மாதத்துக்கு கிட்டத்தட்ட 48 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 57 ரூபாய்தான். நாலு வீட்டில் இதுதான் கடைசி.

இரண்டாவது வீட்டில் வேறு கதை. சேர்ந்தபோது பேசியது இரண்டே வேலை. ஆறு மாசத்தில் "அப்படியே மெஷின்ல இருக்கிற துணியைக் காயப்போட்டுடும்மா", "ரெண்டு காய் நறுக்கி வெச்சுடேன்" என்று சேர்ந்துகொண்டே போனது. ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சம்பளம் அதே 3,000. மணிக்கு 115 ஆக இருந்தது 77 ஆகிவிட்டது. யாரும் சம்பளத்தைக் குறைக்கவில்லை, ஆனால் குறைந்துவிட்டது.

இதைச் சரிசெய்ய அக்கா செய்த முதல் வேலை, தினக் காலண்டர் தாளில் அந்த வீட்டுக்குள் நுழைந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் இரண்டு வாரம் எழுதியது. "ரொம்ப வேலையா இருக்கும்மா" என்று சொன்னால் அது புலம்பல் மாதிரி கேட்கும். தேதியும் நேரமும் காட்டினால் அது கணக்கு.

அப்புறம் இப்படிக் கேட்டார்: "அம்மா, நாம பேசினது ஒரு மணி நேரம். இப்போ தினம் ஒன்றரை மணி நேரம் ஆகுது. அதே கணக்குல பாத்தா 4,500 வரும். கூட்டித் தர்றீங்களா, இல்ல துணியும் காயும் விட்டுடவா? எதுன்னாலும் எனக்குச் சரி." கவனிங்க, இரண்டு வழியும் அவருக்கு நஷ்டமில்லாத வழி. முடிவில் காய் நறுக்குவது போனது, துணி இருந்தது, 1 மணி 20 நிமிஷத்துக்கு 4,000 என்று பேசி முடித்தார்கள். மணிக்கு மறுபடி 115.

நாலாவது வீட்டை உடனே விடவில்லை. நம்ம அபார்ட்மென்ட்டிலேயே சாயங்கால வீடு ஒன்று கிடைத்த பிறகுதான் ஒரு மாசம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நின்றார். புது வீட்டில் 2,800தான். "700 ரூபாய் குறையுதே" என்று தயங்கினார். ஆனால் நடந்து போகவர 10 நிமிஷம், ஆட்டோ செலவு கிடையாது. மணிக்கு 92 ரூபாய் வருகிறது.

இப்போ மொத்தம் 15,800. முன்பு ஆட்டோ போக 14,720. மாதம் 1,080 ரூபாய் அதிகம், வேலை நேரத்தில் ஏறக்குறைய 22 மணி நேரம் மிச்சம்.

இன்னொரு ஓட்டை மே மாசம். "ஊருக்குப் போறோம், ஒரு மாசம் வர வேண்டாம்" என்று முதல் வீட்டில் சொன்னால் 6,500 போச்சு. அதை வருஷம் முழுக்கப் பரப்பினால் அந்த வீட்டின் உண்மையான சம்பளம் 6,000க்கும் கீழே. ஒரு மாசத்துக்கு மட்டும் வேறு வீடு கிடைக்காது. அவர்களுக்காகத்தான் அந்த நேரத்தை நீங்க காலியாக வைத்திருக்கிறீங்க. அதனால் அவர்கள் எடுக்கும் நீண்ட லீவுக்குப் பாதிச் சம்பளமாவது கேட்பது நியாயம். இதையும், உங்க லீவு எத்தனை நாள், தீபாவளி போனஸ் எவ்வளவு என்பதையும் சேரும் அன்றே பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி வைத்துடுங்க. ஏப்ரல் கடைசியில் கேட்டால் சண்டையாகத்தான் முடியும்.

"அரசாங்கமே மணிக்கு இவ்வளவுன்னு சொல்லியிருக்காங்களே?" என்று சிலர் கேட்பாங்க. தமிழ்நாட்டில் 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாயிலிருந்து நிர்ணயித்தார்கள். அது இதற்குக் கீழே போகக்கூடாது என்ற கோடு. அதைக் காட்டி உங்க சம்பளத்தை யாராவது குறைக்கப் பார்த்தால் ஒத்துக்காதீங்க. உங்க தெருவில், உங்க அபார்ட்மென்ட்டில் மற்றவர்கள் மணிக்கு என்ன வாங்குகிறார்கள் என்பதுதான் பேச வேண்டிய விலை. அதை லிஃப்ட் பக்கத்தில் நின்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க.

கடைசியாக ஒன்று. அக்காவின் வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் முதல் வீட்டிலிருந்து வருகிறது. ஸ்கூல் ஃபீஸுக்கு 10,000 அட்வான்ஸ் வாங்கியதும் அதே வீட்டில்தான். அதனால்தான் மே மாச விஷயத்தை அங்கே அவரால் இன்னும் பேச முடியவில்லை. வட்டியில்லாக் கடன் என்று தோன்றும். ஆனால் "முடியாது" என்று சொல்லும் உரிமையை அதற்கு அடகு வைக்கிறோம். மாசம் கூடுதலாக வரும் 1,080-ஐ முதலில் அந்த அட்வான்ஸை அடைக்கப் போடச் சொல்லியிருக்கிறேன். பத்து மாசத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் மே மாசத்தை அவர் தைரியமாகப் பேசலாம்.