மெதுவாக இருப்பது இணையமா, வைஃபையா?

‘நெட் மெதுவாக வருகிறது’ என்ற புகார் இரண்டு வெவ்வேறு கோளாறுகளை ஒரே பெயரால் அழைக்கிறது. மடிக்கணினியிலிருந்து ரவுட்டர் வரை செல்லும் வைஃபை ஒரு பாதை. ரவுட்டரிலிருந்து வெளியே செல்லும் ஃபைபர் இன்னொரு பாதை. உலாவியில் நாம் ஓட்டிப் பார்க்கும் ஸ்பீட் டெஸ்ட் இவ்விரண்டையும் சேர்த்தே அளக்கிறது. எது குறுகலோ அதன் அளவு திரையில் தெரியும். எது குறுகல் என்பது தெரியாது. அந்த ஒற்றை எண்ணைக் காட்டி நாம் சேவை நிறுவனத்தைச் சாடுவதும், ‘உங்கள் வைஃபைதான் சரியில்லை’ என்று நிறுவனம் கைகழுவுவதும் ஒரே அளவுக்கு ஆதாரமற்றவை என்பேன்.

ஐதராபாத்தில் ஆய்வு மாணவர் நால்வர் வாடகைக்கு இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இணைப்பு 100 மெகாபிட் திட்டம். உள்ளறையில் ஸ்பீட் டெஸ்ட் 18 காட்டியது. இணையவழிக் கருத்தரங்குகளில் குரல் அறுந்து அறுந்து வந்தது. உதவித்தொகையிலிருந்து கூடுதலாகப் பணம் ஒதுக்கி 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அதற்கு முன் `iperf3` கொண்டு அளந்து பார்த்தோம்.

இந்தச் சிறு நிரல் இணையத்தைத் தொடுவதே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் இரண்டு கணினிகளுக்கிடையே தரவை இயன்ற வேகத்தில் அனுப்பி, நொடிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று சொல்கிறது. ஒரு மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து, அதில் இதை ஓடவிட்டோம்:

```
iperf3 -s
```

அதன் முகவரி 192.168.1.10. உள்ளறையில் வைஃபையில் இருந்த மற்றொரு கணினியில்:

```
iperf3 -c 192.168.1.10 -t 30
iperf3 -c 192.168.1.10 -t 30 -R
```

முதல் கட்டளையில் உள்ளறைக் கணினி அனுப்புகிறது. `-R` சேர்த்தால் அது பெறுகிறது. ஸ்பீட் டெஸ்டின் பதிவிறக்க எண்ணோடு ஒப்பிட வேண்டியது இரண்டாவதையே. பலர் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மடிக்கணினியின் ஆன்டெனா வலுவும் ரவுட்டரின் வலுவும் ஒன்றல்ல என்பதால் இரு திசைகளும் பெரிதும் வேறுபடக்கூடும்.

`-R` கொடுத்த விடை 21 மெகாபிட். அதே உள்ளறைக் கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கேபிளில் பொருத்தியதும் 941. ஜிகாபிட் கேபிளில் தலைப்புத் தகவல்களுக்கான செலவு போக, எதிர்பார்க்கத்தக்க எண் ஏறக்குறைய அதுதான். கேபிளிலேயே ஸ்பீட் டெஸ்ட் 95 காட்டியது. ஆக, நிறுவனம் தான் விற்றதைத் தந்துகொண்டுதான் இருந்தது. வாசலருகே இரும்பு அலமாரிக்குள் இருந்த ரவுட்டரிலிருந்து இரண்டு செங்கல் சுவர்களைத் தாண்டி வர முடியாமல் தவித்தது வைஃபைதான். 300 திட்டம் வாங்கியிருந்தாலும் அந்த அறைக்கு 21தான் வந்திருக்கும். ரவுட்டரை நடைவழிக்கு மாற்றி, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைத்தபின் உள்ளறை அளவு 160க்கு உயர்ந்தது. ஸ்பீட் டெஸ்டும் 94 காட்டியது.

இந்த அளவீடு ஏமாற்றும் இடங்களும் உண்டு. இரு கணினிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு தரவும் காற்றை இருமுறை கடக்கிறது. எண் ஏறத்தாழப் பாதியாகும். ஒரு முனை கேபிளில் இருப்பது அதனால்தான் கட்டாயம். கேபிளிலும் 94 மட்டுமே வந்தால் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது என்று பொருள்: பழைய போர்ட்டாக இருக்கலாம், கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். ரவுட்டருக்குள்ளேயே இந்நிரலை ஓடவிடுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை; அதன் எளிய செயலி திணறி, தன் பழியை வைஃபையின்மேல் ஏற்றிவிடும். விடுதி வைஃபையில் இணைப்பே கிட்டாவிட்டால், கணினிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி நிர்வாகம் தடுத்திருக்கக்கூடும். அங்கே இம்முறைக்கு வேலையில்லை.

எதிர்மறையான விடையும் இதே அளவு பயனுள்ளது. வீட்டுக்குள் 160 வருகிறது, ஆனால் இரவு பத்து மணிக்குக் கேபிளில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் 12 என்கிறது. சோதனை சர்வரை மாற்றிப் பார்த்தும் மாற்றமில்லை. அப்போது வைஃபையைக் குறைசொல்ல நிறுவனத்துக்கு இடமே இல்லை. இரண்டு எண்களையும், அளந்த நேரத்தையும், கேபிளில் அளந்தது என்ற குறிப்பையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். ‘ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்ற வழக்கமான முதல் பதிலுக்கு அது அங்கேயே விடையாகும்.