ஹெச்.யு.எஃப் பான் கார்டு வாங்கினால் வரி குறையுமா? பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது!

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சீசன் வந்தால் போதும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுவார்: "கல்யாணம் ஆயிடுச்சுல்ல? உடனே ஒரு ஹெச்.யு.எஃப் ஓபன் பண்ணு. இன்னொரு பான் கார்டு, இன்னொரு நாலு லட்சம் வரி விலக்கு!"

சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை, சிக்கலே அங்கேதான்.

ஹெச்.யு.எஃப் என்பது இந்து கூட்டுக் குடும்பம். வருமான வரிச் சட்டம் 'நபர்' என்று யாரையெல்லாம் சொல்கிறதோ அந்தப் பட்டியலில் தனிமனிதர், நிறுவனம் ஆகியோருடன் இதுவும் இருக்கிறது. அதாவது குடும்பமே ஒரு தனி வரி செலுத்துநர். அதற்குத் தனி பான் எண் உண்டு, தனி வங்கிக் கணக்கு உண்டு, தனி ரிட்டர்ன் உண்டு. நிர்வாகம் செய்பவரைக் 'கர்த்தா' என்பார்கள். சமணர், சீக்கியர், பௌத்தர் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கேரளாவில் மட்டும் கதை வேறு. அங்கே கூட்டுக் குடும்ப முறையே 1976 டிசம்பரில் சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது.

இதற்கு அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ வேண்டியதில்லை. கணவன், மனைவி, ஒரு மகள் இருந்தாலே போதும். ஒரே ஓர் ஆண் மட்டும் உள்ள குடும்பத்தையும் இந்து கூட்டுக் குடும்பமாக வரிக்கு ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1966-லேயே கௌலி புத்தண்ணா வழக்கில் சொல்லிவிட்டது. பலர் நினைப்பதுபோல பத்திரம் எழுதிக் குடும்பத்தை 'உருவாக்குவதும்' இல்லை. குடும்பம் ஏற்கெனவே இருக்கிறது. கர்த்தா யார், உறுப்பினர்கள் யார் என்பதைத்தான் அந்தப் பத்திரம் பதிவு செய்கிறது.

சரி, குடும்பம் இருக்கிறது, பான் கார்டும் வந்துவிட்டது. அதில் போட வருமானம் வேண்டுமே? அது எங்கிருந்து வரும்?

சம்பளத்தைத் திருப்பிவிட முடியுமா?

முடியாது. உங்கள் உழைப்புக்கு வரும் சம்பளம், ஃப்ரீலான்ஸ் ஃபீஸ் எல்லாம் உங்கள் தனிப்பட்ட வருமானம். அதை ஹெச்.யு.எஃப் கணக்கில் வரவு வைத்தாலும் வரி உங்களுக்குத்தான். குடும்பச் சொத்தின் வாடகை, குடும்ப முதலீட்டின் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம், குடும்ப மூலதனத்தில் நடக்கும் வியாபாரத்தின் லாபம் ஆகியவைதான் ஹெச்.யு.எஃப் வைத்துக்கொள்ளக்கூடிய வருமானம். (பிபிஎஃப் கணக்கு மட்டும் கிடையாது. 2005 மே மாதத்துக்குப் பிறகு ஹெச்.யு.எஃப் பெயரில் புதிதாகத் தொடங்க முடியாது.)

இதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 22 லட்சம் ரூபாய் சம்பளம். மனைவி, நான்கு வயது மகள். புதிய வரி முறையில் இருக்கிறார். 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, வரிக்குரிய வருமானம் 21.25 லட்சம். 2025-26 நிதியாண்டின் ஸ்லாப்படி, இதற்கு மேல் அவர் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 24 லட்சம் வரை 25% வரி.

அவர் தன் சேமிப்பிலிருந்து 20 லட்சத்தை ஹெச்.யு.எஃப் கணக்குக்கு மாற்றி, 7% வட்டிக்கு எஃப்.டி. போடுகிறார். வட்டி 1.4 லட்சம். ஹெச்.யு.எஃப்-க்கு 4 லட்சம் வரை வரி இல்லை, ஆகவே வரி பூஜ்யம் என்று கணக்குப் போடுகிறார்.

இங்கேதான் பிரிவு 64(2) வருகிறது. உறுப்பினர் ஒருவர் தன் சொந்தச் சொத்தை ஈடு வாங்காமல் குடும்பத்துக்குக் கொடுத்தால், அதிலிருந்து வரும் வருமானம் கொடுத்தவர் கணக்கிலேயே சேர்க்கப்படும். கொடுத்த 20 லட்சத்துக்கு வரி இல்லை. ஆனால் 1.4 லட்சம் வட்டி அவர் ரிட்டர்னில்தான் வரவேண்டும். மிச்சமான வரி? ஒரு ரூபாய்கூட இல்லை. பின்னாளில் பாகம் பிரித்து மனைவிக்குப் பங்கு போனாலும், அந்தப் பங்கின் வருமானமும் இவர் தலையில்தான்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. அந்த 1.4 லட்சத்தை ஹெச்.யு.எஃப் மறுபடி முதலீடு செய்தால், அதில் வரும் 9,800 ரூபாய் குடும்பத்தின் வருமானம். வட்டிக்கு வரும் வட்டி கொடுத்தவருடன் சேராது. ஆனால் இது வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் தொகையாக மாற பல வருடங்கள் ஆகும்.

அப்படியென்றால் யாருக்குத்தான் பலன்?

அதே ஆள், வேறு சூழ்நிலை. அவருடைய அப்பாவுக்குச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு கடை இருக்கிறது. மாத வாடகை 30,000, ஆண்டுக்கு 3.6 லட்சம். சொத்து வரியை விட்டுவிடுவோம். 30% கழிவு போக 2.52 லட்சம் வரிக்கு வரும்.

அப்பா உயில் எழுதாமல் காலமானால், கடையில் மகனுக்கு வரும் பங்கு அவருடைய தனிச் சொத்து. 'அப்பா சொத்து, அதனால் தானாகவே பூர்வீகச் சொத்து' என்ற நம்பிக்கையை 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் உடைத்துவிட்டது. மகன் ஒரே வாரிசு என்றால் முழு வாடகையும் சம்பளத்தோடு சேரும். கூடுதல் வரி 63,000, செஸ் சேர்த்து 65,520 ரூபாய், ஒவ்வொரு வருடமும்.

அதே கடையை அப்பா, 'என் மகனின் இந்து கூட்டுக் குடும்பத்துக்கு' என்று உயிலில் தெளிவாக எழுதியிருந்தால்? உயில் மூலம் வருவதற்கு ஹெச்.யு.எஃப் வரி கட்ட வேண்டாம். கொடுத்தது மகன் இல்லை என்பதால் 64(2)-ம் வராது. 2.52 லட்சம், 4 லட்சத்துக்குள் இருப்பதால் வரி பூஜ்யம். உயிலில் நாலு வார்த்தைதான் வித்தியாசம்.

'எதுக்கு உயில், இப்பவே எழுதிக் கொடுத்துடறேன்' என்று அப்பா கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஹெச்.யு.எஃப்-க்கு 'உறவினர்' என்றால் அதன் உறுப்பினர்கள் மட்டுமே. மகனுடைய சிறிய குடும்பத்தில் அப்பா உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அல்லாதவர் தரும் பரிசு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதுக்கும் ஹெச்.யு.எஃப் வரி கட்ட வேண்டும். கடை என்றால் அதன் முத்திரைத்தாள் மதிப்புக்கே!

இன்னொரு குழப்பம், '12 லட்சம் வரை வரி இல்லை' என்பது. அந்த ரிபேட் தனிமனிதர்களுக்கு மட்டும். ஹெச்.யு.எஃப் வருமானம் 12 லட்சம் என்றால் செஸ் சேர்த்து 62,400 ரூபாய் வரி உண்டு. ஏப்ரல் 1, 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

உள்ளே போனால் வெளியே வருவது?

ஆடிட்டர்கள் தயங்குவது இதற்குத்தான். குடும்பத்துக்குள் போன சொத்து இனி உங்களுடையது இல்லை. 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் பிறப்பிலேயே சம உரிமை. கல்யாணமாகிப் போனாலும் அந்த உரிமை போகாது. தமிழ்நாட்டில் இந்த உரிமை 1989-லேயே வந்துவிட்டது, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு. கடையை மட்டும் பிரித்துக்கொள்கிறேன், எஃப்.டி. இருக்கட்டும் என்றால் வரித்துறை ஏற்காது. 1978 டிசம்பர் 31-க்குப் பிறகு நடந்த பகுதிப் பிரிவினைக்கு வரிச் சட்டத்தில் அங்கீகாரம் இல்லை. முழுவதுமாகப் பிரித்து, அதை வரி அதிகாரி விசாரித்து உத்தரவு போடும்வரை, வரிக் கணக்கில் அந்தக் குடும்பம் பிரியாத குடும்பமாகவே இருக்கும். ரிட்டர்னும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.