கேட்கிற கட்டத்தில் உள்ளதை எழுதுவோம்

செம்பரம்பாக்கம் காலனியில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்துக்கு அண்மையில் ஒரு தம்பி வந்தார். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தவர், அவர் வீட்டின் முதல் பட்டதாரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் நான்கு ஆண்டு அனுபவம். பிரிட்டனில் இதே வேலைக்கு இணையம் வழியாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். நாற்பது விண்ணப்பங்களுக்குப் பிறகு ஒரு கம்பெனியிலிருந்து போனில் பேசினார்கள். ஐந்தே நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

“என்ன கேட்டாங்க தம்பி?”

“எந்த விசாவுல அங்க வேலை செய்ய உரிமை இருக்குன்னு கேட்டாங்கண்ணா. இன்னும் விசா எடுக்கலைன்னு சொன்னேன். ஃபார்ம்ல ‘ஆமாம்’னு போட்டிருக்கீங்களேன்னு கேட்டு வச்சிட்டாங்க.”

அந்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தோம். பிரிட்டன் கம்பெனிகளின் படிவங்களில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் இருக்கும். ஒன்று: “இந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை உங்களுக்கு உண்டா?” மற்றொன்று: “இப்போதோ பிற்பாடோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?” தம்பி முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றும், இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் போட்டிருந்தார். ‘இல்லை’ என்று போட்டால் கம்ப்யூட்டரே தூக்கி எறிந்துவிடும் என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அதே பயோடேட்டாவின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், புகைப்படம் எல்லாம் இருந்தன. ஊர்ப் பெயரில் ‘காலனி’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டிருந்தார். நமக்கு வலித்தது அந்த இடம்தான். படிவத்தில் ஒரு கட்டம் வந்தாலே, உண்மையை எழுதினால் கதவு மூடிக்கொள்ளும் என்று நம் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் அவர்கள் கற்பனையில் பிறந்ததல்ல. தெருவின் பெயரைக் கேட்டு முகம் மாறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. ஆனால் சாதியை மறைக்கப் பழகிய அதே கை, விசா நிலையையும் மறைக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பிரிட்டன் கம்பெனிக்கு அனுப்பும் பயோடேட்டாவில் மதமும் அப்பா பெயரும் புகைப்படமும் தேவையே இல்லை. அங்கே தேவைப்படும் ஒரு செய்தி விசா நிலை. கேட்காததையெல்லாம் எழுதிவிட்டுக் கேட்டதை மாற்றி எழுதியிருந்தார் தம்பி.

கம்பெனி அதை ஏன் கேட்கிறது? அந்த நாட்டுச் சட்டப்படி, ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதற்கு முன் அவருக்கு அங்கே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று முதலாளி சரிபார்க்க வேண்டும். விசா வைத்திருப்பவர்கள் அரசு இணையதளத்தில் ‘ஷேர் கோட்’ என்ற எண்ணைப் பெற்றுத் தருவார்கள். அதை உள்ளிட்டால் எந்த விசா, எந்தத் தேதி வரை, என்ன வேலை செய்யலாம் என்பது முதலாளிக்குத் தெரிந்துவிடும். உரிமை இல்லாதவரைச் சரிபார்க்காமல் சேர்த்துப் பிடிபட்டால், 2024 பிப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். மறுபடியும் பிடிபட்டால் 60,000 பவுண்டு வரை. ஆகவே இந்தக் கட்டத்தில் போட்ட பொய் எப்படியும் வேலையில் சேரும் நாளுக்கு முன்பே வெளிவந்துவிடும். போனில் வெளிவந்தால் ஐந்து நிமிடம் போகும். வேலை உறுதி என்று நம்பி இங்கே ராஜினாமா கொடுத்த பிறகு வெளிவந்தால் இருக்கிற சோறும் போகும். இதே பொய் விசா விண்ணப்பத்துக்கும் போனால் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டன் அரசிடம் பொய்த் தகவல் தந்து பிடிபட்டவருக்குப் பத்து ஆண்டுகள் வரை விசா மறுக்கப்படலாம்.

சரி, தம்பி என்ன எழுத வேண்டும்? இங்கே இருந்துகொண்டு விண்ணப்பிக்கும் இந்தியக் குடிமகனுக்கு, வேறு நாட்டுக் குடியுரிமையோ விசாவோ இல்லையென்றால், முதல் கேள்விக்கு விடை ‘இல்லை’. இரண்டாவதற்கு ‘ஆமாம்’. அதோடு பயோடேட்டாவின் மேல்பகுதியில், பெயருக்கும் போன் எண்ணுக்கும் கீழே, ஒரே வரி ஆங்கிலத்தில் சேர்த்தோம்: “நான் இந்தியக் குடிமகன், சென்னை அருகே வசிக்கிறேன். பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை இப்போது எனக்கு இல்லை. ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு உங்கள் ஸ்பான்சர்ஷிப் தேவைப்படும்.” மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். ‘விசா ஏற்பாடு நடக்கிறது’ என்று மழுப்பவும் வேண்டாம். முதலாளி வேலை தந்து, ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் இந்த விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியும். அதற்கு முன்பு ‘நடக்கிறது’ என்று சொல்ல எதுவும் இல்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் எல்லோருக்கும் ஒரே விடை வராது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே போய்ப் பட்ட மேற்படிப்பு முடித்து, கிராஜுவேட் விசாவில் இருக்கும் ஒரு தங்கையை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இன்று வேலை செய்யும் உரிமை உண்டு. ஆனால் அந்த விசா இரண்டு ஆண்டுதான். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அதை நீட்டிக்கவும் முடியாது. ஆகவே அவர் முதல் கேள்விக்கு ‘ஆமாம், இந்தத் தேதி வரை’ என்றும், இரண்டாவதற்கும் ‘ஆமாம்’ என்றும் எழுத வேண்டும். முதல் கேள்வி இன்றைக்கானது. ‘பிற்பாடு’ என்ற சொல் இருப்பதால் இரண்டாவது கேள்வி நாளைக்கும் சேர்த்தது. இந்தச் சொல்லைக் கவனிக்காமல் ‘இல்லை’ என்று போட்டவர்கள், விசா முடியும் நேரத்தில் முதலாளியிடம் போய் நிற்கும்போது “முன்பே ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்விக்கு விடை இல்லாமல் தவிப்பார்கள்.

‘இல்லை’ என்று போட்டால் தூக்கி எறிவார்கள் என்று தம்பியின் நண்பர் சொன்னது முழுப் பொய்யல்ல. பல கம்பெனிகள் அப்படித்தான் செய்யும். ஸ்பான்சர் லைசென்ஸ் இல்லாத கம்பெனியால் இந்த விசாவில் ஆள் எடுக்கவே முடியாது. லைசென்ஸ் இருக்கிற கம்பெனிக்கும் செலவு அதிகம். சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. 2025 ஜூலை 22 முதல் பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்டு, அல்லது அந்தத் தொழிலுக்கு நிர்ணயித்த தொகை, இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். வயது குறைந்தவர்களுக்கும் வேறு சிலருக்கும் மட்டும் சலுகை உண்டு. முப்பதாயிரம் பவுண்டு என்று விளம்பரம் செய்த வேலைக்குத் தம்பி எவ்வளவு திறமையைக் காட்டினாலும் சட்டம் இடம் தராது. நாற்பது விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான்.

எனவே வேலையைத் தலைகீழாகத் தொடங்கினோம். லைசென்ஸ் பெற்ற முதலாளிகளின் முழுப் பட்டியலை பிரிட்டன் அரசு gov.uk தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. கம்பெனியின் பெயர், ஊர், எந்த வகை விசாவுக்கு லைசென்ஸ் என்பது அதில் இருக்கும். முதலில் அதில் பெயரைத் தேடுவது, பிறகு விளம்பரத்தில் சம்பளத்தைப் பார்ப்பது, அதன் பிறகே விண்ணப்பிப்பது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் எல்லா வேலைக்கும் ஸ்பான்சர்ஷிப் தருவார்கள் என்று பொருள் இல்லை. அதனால் விளம்பரத்தில் தெளிவில்லாத இடத்தில், “இந்த வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் தருவீர்களா?” என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சொல்வதற்குப் பழகியவருக்குக் கேட்கவும் வரும். அதுதான் நம் பகுதிக்கு இன்னும் அவசியம். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று நம்பிப் போன இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்ய அடைத்து வைக்கப்பட்டார்கள். அந்த அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள் என்று மத்திய வெளியுறவுத் துறை அதற்கு முந்தைய மாதமே எச்சரித்தது. “நான் எந்த விசாவில் போகிறேன், அதில் வேலை செய்யும் உரிமை உண்டா?” என்பது அந்த மாதிரி ஏஜென்ட்டிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ‘முதல்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்’ என்று விடை வந்தால் அங்கேயே எழுந்துவிட வேண்டும்.

பிரிட்டனுக்கும் இது பொருந்தும். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அந்த நாடு 2025 ஜூலை 22இல் நிறுத்திவிட்டது. இன்றும் யாராவது அந்த விசாவை விற்றால் அது மோசடி. ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பதும் அங்கே விதி. விசா கட்டணம் நம்முடையதாக இருக்கலாம், சான்றிதழ் கட்டணம் முதலாளியுடையது. ‘சான்றிதழுக்கு இத்தனை லட்சம்’ என்று கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்க வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது.

வெளிநாட்டில் சித்தப்பாவும் மாமாவும் இருக்கும் வீடுகளில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் சாப்பாட்டு நேரத்திலேயே விடை கிடைத்துவிடும். நம் தெருவில் அதைச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஏஜென்ட் வந்து உட்கார்கிறார். அதனால்தான் இதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறோம்.

தம்பி இப்போது பதினோரு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறார். எல்லாவற்றிலும் முதல் கட்டத்தில் ‘இல்லை’, இரண்டாவதில் ‘ஆமாம்’. ஏழு இடங்களில் உடனே மறுத்துவிட்டார்கள். இரண்டு இடங்களிலிருந்து இன்னும் பதில் இல்லை. ஒரு கம்பெனி, இந்த வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் கிடையாது, வேறு வேலை வந்தால் சொல்கிறோம் என்று எழுதியது. ஒரு கம்பெனி போனில் பேசியது. நாற்பது நிமிடம், முழுக்க அவருடைய வேலையைப் பற்றியே கேட்டார்கள். விசாவைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அதைத்தான் அவர் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாரே. வேலை கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. பயோடேட்டாவில் முகவரி வரியையும் அவரே மாற்றியிருக்கிறார். ‘காலனி’ என்ற சொல் திரும்ப வந்திருக்கிறது.