வணிகக் கணக்குகளில் திரைப்பாடல்கள் கிடைக்காதது ஏன்?

ஜெய்ப்பூரில் உள்ள ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் தமது இன்ஸ்டாகிராம் கணக்கை வணிகக் கணக்காக மாற்றுகிறார். மறுநாள், புதிய சேலைகளைக் காட்டும் ரீல்ஸ் காணொலிக்குப் பின்னணியாக ஒரு ஹிந்தித் திரைப்பாடலைத் தேடினால், அது பட்டியலில் இல்லை. அவருடைய மகளின் தனிநபர் கணக்கிலோ அதே பாடல் தடையின்றிக் கிடைக்கிறது.

இது செயலியின் கோளாறு அன்று. டி-சீரிஸ், ஜீ மியூசிக், யஷ்ராஜ் ஃபிலிம்ஸ் ஆகியவற்றுடன் 2019-லும், சரிகமவுடன் 2020-லும் மெட்டா நிறுவனம் (அப்போது ஃபேஸ்புக்) உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால், தனி உரிமம் பெறாமல் வணிக நோக்கில் இசையைப் பயன்படுத்தக் கூடாது என்று மெட்டாவின் விதிமுறைகளே கூறுகின்றன. விளம்பரத்துக்குப் பாடல் தருவது இசை நிறுவனங்களுக்குத் தனி வருவாய். அதற்கான விலை தனியே பேசப்படுகிறது.

கணக்கைத் தனிநபர் வகைக்கோ படைப்பாளர் வகைக்கோ மாற்றினால் பாடல்கள் மீண்டும் தோன்றும். பல சிறு வணிகர்கள் கையாளும் வழி இதுவே. எனினும், பாடல் கிடைப்பதும் அதைப் பயன்படுத்தும் உரிமையும் ஒன்றல்ல. கணக்கின் வகை ஒரு வடிகட்டி மட்டுமே. சேலையை விற்பதற்கான காணொலி எந்தக் கணக்கில் வெளியானாலும் வணிகப் பயன்பாடுதான். இசை நிறுவனம் புகார் அளித்தால் ஒலி நீக்கப்படலாம், வழக்கும் தொடரப்படலாம்.

உரிமம் பெறுவதும் ஒரே இடத்தில் முடிவதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடல் வரிகள், இசையமைப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றைத் தனித்தனிப் படைப்புகளாகக் கருதுகிறது. ஒலிப்பதிவின் உரிமையாளர் ஒப்புக்கொண்டாலும் மற்ற இரண்டின் உரிமைகள் வேறொருவரிடம் இருக்கக்கூடும்.

இந்தப் பிரிவின் விளைவை 2024-இல் டிக்டாக் பயனர்கள் கண்டனர். இந்தியாவில் 2020 முதல் தடை செய்யப்பட்டுள்ள அச்செயலிக்கும் யுனிவர்சல் மியூசிக் குழுமத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அவ்வாண்டு ஜனவரி 31-இல் முடிவடைந்தது. முதலில் அக்குழுமத்தின் ஒலிப்பதிவுகள் நீக்கப்பட்டன. ஏற்கெனவே வெளியான காணொலிகளும் ஊமையாயின. சில வாரங்களில், வேறு நிறுவனங்கள் பதிவுசெய்த பாடல்களும் மறைந்தன. அவற்றை எழுதியவர்களில் ஒருவரேனும் யுனிவர்சலின் பதிப்பகப் பிரிவுடன் ஒப்பந்தம் கொண்டிருந்ததே காரணம். மே மாதத்தில் புதிய உடன்பாடு ஏற்பட்ட பின்னரே பாடல்கள் திரும்பின.

இத்தகைய தகராறு தனிநபர், வணிகர் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. ஒரு நாட்டுக்கு மட்டும் உரிமம் இல்லாதபோதும் அங்குள்ள அனைவருக்கும் பாடல் மறைகிறது. ஆகவே, ஒலி நின்றுபோன கடைக்காரர் முதலில் அதே பாடல் தனிநபர் கணக்கில் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். கிடைத்தால், காரணம் பெரும்பாலும் கணக்கின் வகை. அங்கும் இல்லையெனில் உரிமமே விலகியிருக்கக்கூடும்.

வணிகக் கணக்குகளுக்காக மெட்டா தனி ஒலித்தொகுப்பு ஒன்றை இலவசமாக வழங்குகிறது. புகழ்பெற்ற திரைப்பாடல்களை அதில் எதிர்பார்க்க இயலாது. ஆனால் சேலைக் காணொலியின் ஒலி உரிமச் சிக்கலால் நின்றுபோகும் வாய்ப்பு அதில் மிகக் குறைவு.