நாட்குறிப்பின் முதல் வாசகர்

பேராக் ஆறு கடலில் சேரும் பாகான் டத்தோவிலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போனால் பாசிர் சாலாக் வரும். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச், 1875 நவம்பர் 2 அன்று அங்கே ஆற்றோரக் குளியலறையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். சீர்திருத்த வந்த அதிகாரியைக் கொன்றுவிட்டார்கள் என்று காலனி ஆட்சி எழுதியது. கொலையை முன்னின்று நடத்திய மலாய்த் தலைவர் மகாராஜா லேலாவை, மண்ணைக் காத்தவர் என்று சுதந்திர மலேசியா எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவே பர்ச்சின் நாட்குறிப்பு நிற்கிறது. பி. எல். பர்ன்ஸ் பதிப்பித்து 1976இல் அது நூலாக வந்தது.

அதைப் படிக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, இது யார் கண்ணில் படுவதற்காக எழுதப்பட்டது என்பதுதான். இரவில் விளக்கடியில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பல்ல இது. ரெசிடெண்டின் அன்றாட நடவடிக்கைகள் சிங்கப்பூரிலிருந்த ஆளுநருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. அதன் முதல் வாசகர் பர்ச்சின் மேலதிகாரி.

இது தெரிந்ததும் பல பக்கங்கள் வேறு விதமாகப் படிக்கக் கிடைக்கின்றன. சுல்தான் அப்துல்லாவைப் பர்ச் கடுமையாகவே எழுதுகிறார்: அபினுக்கு அடிமை, உறுதியில்லாதவர், ஆளத் தெரியாதவர். அப்துல்லா அபின் புகைத்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1874 ஜனவரியில் கையெழுத்தான பாங்கோர் ஒப்பந்தப்படி, சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுல்தான் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும். அவர் அப்படி நடக்கவில்லை என்றால் ஒருவர்மேல் குற்றம் விழும்: ஒன்று சுல்தான், இல்லையேல் ரெசிடெண்ட். சுல்தானின் தகுதியின்மையைப் பதிவு செய்த ஒவ்வொரு வரியும் பர்ச்சுக்குக் காப்பாகவும் இருந்தது. 1875இல் வந்த ஆளுநர் ஜெர்வாய்ஸ், பேராக்கை நேரடியாக ஆள விரும்பியவர். அவருக்கு இந்த வரிகள் மேலும் பயன்பட்டிருக்கும்.

இரண்டாவது கேள்வி, எழுதியவர் கண்டது எது, கேட்டது எது என்பது. பர்ச் இலங்கையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். மலாய் மொழியில் அவருக்குத் தேர்ச்சி இல்லை. எனவே படகில் போகும்போது கண்ட வீடுகள், ஆற்றின் போக்கு, வணிகம் பற்றி அவர் எழுதுவதை ஓரளவு நம்பலாம். அதில் பொய் சொல்ல அவருக்குக் காரணமும் இல்லை. சுல்தானும் தலைவர்களும் என்ன சொன்னார்கள் என்று எழுதும் இடத்தில் மட்டும் மெதுவாகப் படிக்க வேண்டும். அந்தப் பேச்சு மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாக வந்து, எழுதியவரின் கோபத்தையும் கடந்து தாளில் இறங்கியது.

கடன் அடிமைகளின் விஷயத்தில் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகச் சேர்கின்றன. கடனைத் தீர்க்க முடியாமல் தலைவர்களிடம் கட்டுண்டு கிடந்தவர்கள், அவர்களில் பெண்களும் உண்டு, தப்பி வந்தபோது பர்ச் அடைக்கலம் கொடுத்தார். அவர் கணக்கில் அது மீட்பு. தலைவர்கள் கணக்கில் அது தங்கள் ஆட்களையும் வீட்டுப் பெண்களையும் கவர்ந்து போனது. நடந்ததை இரு தரப்புமே மறுக்கவில்லை; அதனால் அது நடந்தது என்பது உறுதி. பொருளில்தான் பிரிவு. ஓடி வந்த பெண்ணின் சொல்லோ எந்தத் தரப்புக் கணக்கிலும் அவளுடைய குரலில் இல்லை.

மறுதரப்பின் சான்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தலைவர்களின் சதி பற்றி நாம் அறிவது பெரும்பாலும் கொலைக்குப் பின் பிரிட்டிஷார் நடத்திய விசாரணையில் பதிவான வாக்குமூலங்களிலிருந்து. தூக்குமரம் கண்ணெதிரே நிற்கையில் சாட்சி சொன்னவர்கள், தங்களைக் காத்துக்கொள்ளப் பிறர்மேல் பழி போட்டிருக்கலாம். மகாராஜா லேலா 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அப்துல்லா செஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். பர்ச்சுடன் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் 1874–76 நாட்குறிப்பும் இருக்கிறது. பின்னாளில் பெரிய பதவிகளை வகித்த பிறகு அவர் எழுதிய நூல்களைவிட, முடிவு தெரியாத நாளில் எழுதிய அந்தக் குறிப்புக்கு நான் அதிக மதிப்புத் தருவேன்.

இத்தனை ஐயங்களால் பர்ச்சின் நாட்குறிப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுல்தானைப் பற்றிய சாட்சியாக அது பலவீனமானது. ஓர் அதிகாரி ஒரு நாட்டின் வழக்கங்களை எவ்வளவு வேகமாக, எவ்வளவு உறுதியோடு மாற்ற முனைந்தார் என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைக்காது. தன்னை எதிர்த்தவர்களைக் குறை சொல்ல எழுதிய பக்கங்களில், அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதையும் அவர் அறியாமலே எழுதி வைத்திருக்கிறார்.

பேராக் கரையின் தென்னந்தோட்டங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் உழைத்த நம் முன்னோரைப் பற்றி எஞ்சியிருப்பவையும் பெரும்பாலும் மேலதிகாரிக்கு எழுதிய தாள்களே: துரை கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கை, கிராணியின் செக்ரோல். நோயாலோ வேறு காரணத்தாலோ வராத ஒருவர் அங்கே ‘வேலைக்கு வராதவர்’ என்று மட்டுமே நிற்பார். அந்த வரியை எழுதியவர் யாருக்குக் கணக்குக் காட்டினார் என்று கேட்காமல், அதை நம் முன்னோரின் வரலாறாக ஏற்கக் கூடாது.