தரையில் படுத்திருப்பவரும் இரவுப் பணியாளர்தான்

அரசு மருத்துவமனை வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் பெண்ணை ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லி அழைக்கிறார்கள். சிஸ்டருக்கு அவர் ‘பேஷண்ட் அட்டெண்டர்’. செக்யூரிட்டிக்கு அவர் ‘கூட்டம்’. ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டருக்கு முன்னால் அவசரமாகச் சுருட்டி மறைக்கப்பட வேண்டிய பாய். ஆனால் அந்த இரவில் நோயாளிக்கு நடக்கும் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்கிறவர் அவர்தான். சம்பளம் கிடையாது, படுக்கை கிடையாது, மாற்று ஆள் கிடையாது. அவருடைய தூக்கத்தைப் பற்றிப் பேசினால் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ என்கிறார்கள். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளக்கூடிய விஷயமா இது என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 58 வயது. சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாக டியூப் போட்டார்கள், சிறுநீருக்கும் டியூப். மருத்துவமனையில் 19 நாள். கூட இருந்தவர் மகள். இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ் என்பதால் வேறு யாரும் இரவில் தங்க முடியாது.

அவருடைய ஓர் இரவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 10 மணிக்கு டியூப் வழியாகக் கடைசிக் கஞ்சி. கொடுத்த பிறகு அரை மணியாவது தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட வேண்டும். ஆகவே 12, 2, 4 என்று மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். இடையில் டிரிப் வேறு. நிமிடத்துக்கு 20 சொட்டு என்று ஓடினால் 500 மில்லி பாட்டில் முடிய எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மாலையில் மாட்டினால் நடு இரவில்தான் முடியும். தீர்ந்ததைப் பார்த்துச் சிஸ்டரைக் கூப்பிடுவதும் அவர் வேலை. நாலரை மணிக்குத் தரை துடைக்க வருவார்கள், பாயைச் சுருட்டியாக வேண்டும். ஐந்து மணிக்கு வெந்நீர் பிடிக்க வரிசை. ஆறு மணிக்கு முதல் கஞ்சி.

இதில் தொடர்ந்து இரண்டு மணி நேரத் தூக்கம் எங்கே இருக்கிறது? இல்லை. பகலில் தூங்கலாமே என்பார்கள். பகலில் ரவுண்ட்ஸ், ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, மருந்துச் சீட்டோடு அலைவது, இரண்டு மணிக்கொரு கஞ்சி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்தால் கால் தொங்கிக்கொண்டே இருந்து மாலைக்குள் பாதம் வீங்கிவிடுகிறது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், அங்கேயே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஏழாவது நாள் இரவு அந்த மகள் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்த மறந்துவிட்டார். அம்மா இருமினார். இரண்டு நாளில் காய்ச்சல், மூச்சிரைப்பு. உணவு நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் ஆகிவிட்டது என்றார்கள். ‘எத்தனை தடவைம்மா சொல்றது’ என்று வார்டே கேட்க அவருக்குத் திட்டு விழுந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். மகள் மட்டும் தான்தான் அம்மாவைக் கொல்லப் பார்த்ததாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கும் அவரைத் திட்டியவர்களுக்கும் ஒரு செய்தி. 1997-ல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண், கவனம் எல்லாம் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குத் தடுமாறின. நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்த மகள் இரவு பத்து மணிக் கஞ்சியைக் கையில் எடுக்கும்போது சரியாக 17 மணி நேரம் ஆகியிருக்கிறது. அது ஒரு நல்ல இரவுக்குப் பிறகு இருந்த கணக்கு. ஆறு இரவாகத் தூங்காதவரின் நிலை அதைவிட மோசம். குடித்தவனிடம் பைக் சாவியைக் கொடுக்காதே என்று சொல்லும் அரசு, அதே நிலையில் உள்ள ஒரு பெண்ணிடம் நோயாளியின் மூச்சைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறது. தவறு நடந்தால் பழியையும் அவர் தலையிலேயே போடுகிறது.

தரையில் படுப்பவர் யார் என்ற கேள்விக்கும் வருவோம். காசுள்ளவர் தனியார் மருத்துவமனையில் அறை எடுக்கிறார். அந்த அறையில் கூட இருப்பவருக்கும் ஒரு சோபா போட்டிருக்கிறார்கள். ஆக, உறவினர் தூங்க வேண்டும் என்பது மருத்துவ உலகத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல, அதற்கு விலை வைத்திருக்கிறார்கள். அரசு வார்டுத் தரை கூலிக்காரர்களுக்கு. அந்தத் தரையிலும் ‘எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்’ என்ற விசாரணை நடக்கிறது. பதிலைக் கேட்டதும் பக்கத்துப் பாய் சற்றுத் தள்ளிப் போகிறது. கழிவறை ஓரத்து இடம் யாருக்கு மிஞ்சுகிறது என்பதை வார்டில் நான்கு இரவு இருந்தவர்கள் சொல்வார்கள்.

நாலரை மணிக்குத் துடைப்பத்தோடு வந்து எழுப்புகிற அக்காவும் பெரும்பாலும் நம்மவர்தான். ஒப்பந்தக் கூலி. மேஸ்திரி வருவதற்குள் இரண்டு வார்டு முடிக்க வேண்டும். தூங்காத பெண்ணும் தூங்காத பெண்ணும் விடியற்காலையில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்தை நிர்ணயித்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

மாறும்வரை குடும்பங்கள் என்ன செய்யலாம்? இதைச் சொல்வதால் மருத்துவமனையின் பொறுப்பு குறைந்துவிடாது. ஆனால் இன்று இரவு வார்டில் இருப்பவருக்கு இது தேவை.

முதலில், ஒருவரே தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒரே பாஸ்தான் என்றாலும் ஆள் மாறலாம். மாறும் நேரத்தை மாலை ஆறு, ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மாறினால் இரவெல்லாம் விழித்தவர் ரவுண்ட்ஸ் முடியட்டும் என்று மதியம்வரை இழுபட்டுவிடுவார். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, கடைசியாகக் கஞ்சி கொடுத்த நேரம், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது, டாக்டர் சொன்னது மூன்றையும் எழுதிக் கையோடு மாற்றுங்கள். எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்ற பயம்தான் பல பெண்களை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. நோட்டு அந்தப் பயத்தைக் குறைக்கும். இந்த முறை வட்டத்தில் மகனையும் மருமகனையும் சேர்க்க வேண்டும். பெண்கள் வார்டில் இரவு தங்க ஆண்களை விடமாட்டார்கள் என்பது உண்மை. பகல் 12 முதல் 5 வரை அவர்கள் பார்த்துக்கொண்டால், அந்த நேரத்தில் அவர் வார்டுக்கு வெளியே போய்ப் படுக்கலாம்.

ஆளே இல்லாதவர்கள் பக்கத்துக் கட்டிலாரோடு ஒப்பந்தம் போடுங்கள். பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை ஒருவர் இரண்டு நோயாளிகளையும் பார்ப்பது, இரண்டிலிருந்து ஆறுவரை அடுத்தவர். கிடைக்கும் நான்கு மணி நேரம் பெரும்பாலும் அறுபடாத தூக்கமாக இருக்கும். துண்டு துண்டாகக் கிடைக்கும் தூக்கத்தைவிட அது உடம்புக்கு மேல். புரட்டிப் போட எப்படியும் இரண்டு பேர் வேண்டும். அதற்கு மட்டும் மற்றவரை எழுப்பலாம். காற்றுப் படுக்கை இருந்தால் இரவில் இரண்டு மணி இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். டியூப் வழியாகக் கஞ்சி கொடுப்பதை மட்டும் தூக்கக் கலக்கத்தில் செய்யாதீர்கள். முகம் கழுவி, பத்து நிமிடம் எழுந்து நின்று, தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள். கை நடுங்கினால், ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்டால், டியூப் எது டிரிப் எது என்று ஒரு நொடி குழம்பினால், சிஸ்டரிடம் நேராகச் சொல்லுங்கள்: ‘இந்த வேளை நீங்க கொடுங்க, என்னால முடியல.’ அது அவர்கள் வேலையும்தான்.

இனி அரசிடம் கேட்க வேண்டியது. உறவினருக்குத் தங்குமிடம் கட்டியிருக்கிறோமே என்பார்கள். கட்டியிருக்கும் இடங்களிலும் நம் பெண்கள் அங்கே போய்ப் படுக்கத் தயங்குகிறார்கள். நடு இரவில் ரத்தம் வேண்டும், மருந்து வேண்டும் என்று ‘அட்டெண்டர் எங்கே’ எனக் குரல் வந்தால் ஆளில்லை என்றாகிவிடுமே என்ற பயம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அவருடைய போன் நம்பரை எழுதி, தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று வார்டு சிஸ்டர் உறுதி கொடுத்தால்தான் அந்தக் கட்டடம் தங்குமிடம் ஆகும். அதுவரை அது திறப்பு விழாக் கல்வெட்டுதான்.

இரண்டாவது, தானாகப் புரள முடியாத நோயாளிக்கு இரண்டு பாஸ். அப்போதுதான் இரவைப் பங்கு போட முடியும். மூன்றாவது, இரவில் புரட்டுவதும் டியூப் கஞ்சி கொடுப்பதும் ஊழியர் வேலை என்று எழுத்தில் வர வேண்டும், அதற்கேற்ற ஆட்களையும் போட வேண்டும். 40 நோயாளிக்கு இரண்டு சிஸ்டரை நிறுத்திவிட்டு அவர்களையும் நம்மையும் மோதவிடக் கூடாது. கூடவே, தரை துடைக்கும் நேரத்தை ஆறு மணிக்குத் தள்ளுங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. கூட இருப்பவரின் தூக்கம் அவற்றில் ஒன்றாக இல்லை. நோயாளியின் பாதுகாப்பு என்ற உரிமை இருக்கிறது. தூங்காதவர் கையில் அந்தப் பாதுகாப்பு எப்படி நிற்கும் என்று நம் ஊர் மருத்துவமனை டீனிடம், கலெக்டர் மனுநீதி நாளில், எழுத்தில் கேட்போம். மனுவோடு அந்த 40 பக்க நோட்டின் ஓர் இரவுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணையுங்கள். 10, 12, 2, 4, 4.30, 5, 6 என்று நேரம் வரிசையாக இருக்கும்.