கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ஷூ வாங்காதீர்கள்



ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவில் ஷூ படங்கள்தான். அமெரிக்காவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்புகிறார்கள். எல்லாம் மூன்று விரல் உயர மெத்தை. "போட்டா மேகத்துல நடக்கிற மாதிரி இருக்கு சித்தப்பா, முட்டிக்கு ரொம்ப நல்லதாம்" என்கிறார்கள். மேகத்தில் யாரும் நடந்ததில்லை. நடந்தால் விழத்தான் வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு இந்த ஷூவை "நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தருவதை நான் எதிர்க்கிறேன். காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

கடையில் என்ன செய்கிறோம்? கட்டைவிரலால் அடியை அமுக்குகிறோம், போட்டுக்கொண்டு நாலு அடி வைக்கிறோம், "அப்பாடா" என்கிறோம். அந்த ஐந்து நிமிட சுகம் ஷூவின் பிறந்தநாள் சுகம். நீங்கள் வாழப்போவது ஆறாவது, பத்தாவது மாதத்து ஷூவோடு. அப்போது அது எப்படி இருக்கும் என்பதை உள்ளே இருக்கும் நுரை எது என்பதே தீர்மானிக்கிறது. நுரை எது என்று கடையில் கேட்பவர் எத்தனை பேர்?

பெரும்பாலான ஷூக்களின் மிட்சோல் ஈவிஏ. எத்திலீனும் வினைல் அசிடேட்டும் சேர்ந்த பாலிமர். அதில் கண்ணுக்குத் தெரியாத மூடிய குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வாயு. மிதிக்கும்போது குமிழ் நசுங்குகிறது, காலை எடுத்தால் நிமிர்கிறது. ஆயிரக்கணக்கான தடவை நடந்தபின் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, குமிழ்ச் சுவர் மடிந்து மடிந்து சுருக்கம் விழுகிறது. ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும், முழுதாக மீளாது. வீட்டு பாத்ரூம் செருப்பின் குதிகாலில் குழி விழுந்திருக்குமே, அதேதான் ஷூவுக்குள்ளும் நடக்கிறது. மேலே துணி மூடியிருப்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மெல்லிய, உறுதியான அடியில் இது பெரிய விஷயமில்லை. தேய்வதற்கு உயரமே கிடையாது. தடித்த மெத்தையில்தான் ஆபத்து. நம்மில் யாரும் நேராக மிதிப்பதில்லை, உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்த்தே மிதிக்கிறோம். ஒரு கணக்குப் போடுவோம். குதிகாலின் அகலம் 70 மி.மீ. ஒரு பக்க நுரை மறுபக்கத்தைவிட 3 மி.மீ. அதிகமாக அமுங்கிவிட்டது என்று வையுங்கள். 3-ஐ 70-ஆல் வகுத்தால் ஏறத்தாழ இரண்டரை டிகிரி சாய்வு. சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் கணுக்கால் அதே பக்கம் சாய்கிறது. தினமும் 4 கி.மீ. நடப்பவர் ஒரு காலால் மட்டும் மூவாயிரம் தடவை போல மிதிப்பார். மாதக்கணக்கில் அப்படி நடந்துவிட்டு, "ஷூ புதுசு மாதிரிதான் இருக்கு, முட்டி மட்டும் ஏன் வலிக்குது?" என்று கேட்பார்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஷூ இரண்டையும் சமமான மேசைமேல் வைத்து, பின்னாலிருந்து கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். குதிகால் பகுதி ஒரு பக்கம் சாய்ந்தால் கதை முடிந்தது. பக்கவாட்டு நுரையில் ஆள் நிற்காதபோதும் படுக்கைக் கோடுகள் மறையாமல் இருந்தால் அதுவும் அறிகுறியே. அடி ரப்பர் தேயவில்லையே என்று சமாதானம் சொல்லாதீர்கள். ரப்பருக்கு முன்பே நுரை செத்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஈவிஏ ஷூவைப் போட்டு வைத்தால் சுருங்கியே போகலாம்.

இப்போது ஓட்டக்காரர்கள் கொண்டாடும் பீபா நுரை வேறு ஜாதி. மிக லேசு, மிதித்த சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். மாரத்தான் ஓடும் என் மாணவர்கள் அதை வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது பந்தயக் குதிரை. மளிகைக் கடைக்குப் போக அது எதற்கு? டிபியு மணிகளை ஒட்டிச் செய்யும் நுரை இன்னொன்று. கொஞ்சம் கனம், ஆனால் சூடு குளிரில் அதிகம் மாறாது, சீக்கிரம் அமுங்காது. மெத்தைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதையாவது கேட்டு வாங்குங்கள்.

பாலியூரித்தேன்தான் நம் ஊர் ஆட்களை ஏமாற்றும் நுரை. கையில் கனமாக, உறுதியாக இருக்கும், வருஷக்கணக்கில் அமுங்காது. "நல்ல ஷூ, விசேஷத்துக்குப் போட்டுக்கலாம்" என்று டப்பாவோடு பீரோவில் வைப்போம். என் உறவினர் ஒருவர் மகன் அனுப்பியதை ஐந்து வருஷம் அப்படி வைத்து, ஒரு கல்யாணத்துக்கு முதன்முதலாகப் போட்டுப் போனார். மண்டப வாசலிலேயே அடி கேக் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. போலிச் சரக்கு என்று திட்டினார். போலி இல்லை ஐயா, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல்! பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேனின் சங்கிலியிலேயே எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. எஸ்டரும் நீரும் சேர்ந்தால் அமிலமும் ஆல்கஹாலும் என்று எத்தனை தடவை எழுத வைத்திருப்பேன்? காற்றின் ஈரம் போதும், சங்கிலி அறுபடும். உண்டாகும் அமிலமே வினையை மேலும் முடுக்கும். கடலோர ஊரின் புழுக்கத்தில் மூடிய பீரோ அதற்கு நல்ல சோதனைக்குழாய். (ஈவிஏயிலும் எஸ்டர் உண்டே என்று முதல் பெஞ்சுக்காரர் கேட்பார். உண்டு, ஆனால் பக்கக் கிளையில். கிளை போனாலும் முதுகெலும்பு நிற்கும்.) எனவே அப்படிப்பட்ட ஷூவைச் சேமித்து வைக்காதீர்கள். பழைய டப்பாவைத் திறந்தால் அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ பொடியோ விரிசலோ இருந்தால் அன்றே குப்பைக்கு.

"முட்டிக்கு நல்லது" என்ற வாதத்துக்கு வருகிறேன். மெத்தை தடித்தால் அதிர்ச்சி குறையும் என்பது பார்வைக்கு நியாயம். பின்லாந்தில் செய்து 2018-இல் வெளியான ஓட்ட ஆய்வில், வேகமாக ஓடும்போது தடித்த மெத்தை ஷூவில் தரையின் அடி சாதாரண ஷூவைவிட அதிகமாகவே பதிவானது. அடியில் மெத்தை இருந்தால் கால் தன்னை விறைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன்: லக்சம்பர்க்கில் 800-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், கடின ஷூ போட்டவர்களுக்கே காயம் அதிகம். ஆகவே ஓடும் பிள்ளைகளை நான் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடச் சொல்லவில்லை. என் சண்டை நடக்கும் முதியவர்களுக்காக. வயதான ஆண்களைக் குறுகிய கட்டைமேல் நடக்கவிட்ட 1992-ஆம் ஆண்டு ஆய்வில், மெல்லிய கடின அடியில்தான் தடுமாற்றம் குறைவு. தடித்த மெத்து அடியில் அதிகம். தரை எங்கே என்று பாதம்தானே மூளைக்குச் சொல்கிறது? நடுவே மெத்தையைப் போட்டால் செய்தி மங்கிப்போகிறது. நம் வயதில் முட்டி வலியைவிட இடுப்பெலும்பு முறிவுக்கே நான் அதிகம் பயப்படுகிறேன்.

சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்வதையே போட வேண்டும். ஆனால் அவர்களுக்குத் தரும் எம்.சி.ஆர். செருப்பைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே மெல்லிய மெத்து ரப்பர், கீழே வளையாத உறுதியான அடி. மூன்று விரல் மேகம் அதில் கிடையாது.

எனவே அடுத்த பார்சல் அனுப்புமுன் இதைச் செய்யுங்கள். இரண்டு கையாலும் ஷூவைப் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்குங்கள். சுலபமாக முறுகினால் வேண்டாம். குதிகாலைச் சுற்றியுள்ள சுவர் விரலுக்கு மடங்கினாலும் வேண்டாம். வாங்கிய தேதியை நாக்கின் உள்பக்கம் பேனாவால் எழுதி அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் இன்று ராத்திரி வீடியோவில் அப்பாவின் ஷூவை மேசைமேல் வைக்கச் சொல்லி, பின்பக்கப் படம் எடுத்து இங்கே கமென்டில் போடுங்கள். எத்தனை சாய்ந்திருக்கிறது என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.